கர்ப்பிணிக்கு சீட் பெல்ட்: எங்கே உட்காருவது, எப்படிப் போடுவது

ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து, தங்கையைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு அழைத்துவரப் போயிருந்தேன். வாடகைக் கார் வாசலுக்கு வந்தது. பின் சீட்டில் ஏறியவள் பெல்ட்டை இழுத்தாள். பெல்ட்டின் உலோக நாக்கு கையில் இருக்கிறது, செருகுவதற்குப் பக்கிளைக் காணோம். சீட் கவர் போட்டவர் பின்பக்க பக்கிள்கள் எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் தள்ளி, மேலே கவரை இழுத்து மூடியிருந்தார்.

"பின்னாடி யாரும்மா போடுறாங்க?" என்றார் டிரைவர் அண்ணன். அவள் மாமியாருக்கு வேறு கவலை. "பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, வயித்தைப் போட்டு இறுக்கக் கூடாது. அப்படியே சாஞ்சு படுத்துக்கிட்டு வரட்டும்."

நல்ல நேரம் தாண்டுகிறது என்று எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்க, அரை மணி நேரம் செலவழித்து அந்தக் காரைச் சரிசெய்த பிறகுதான் கிளம்பினோம். அன்று என்னென்ன செய்தோம், எதற்காகச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமியார் சொன்னதில் பாதி சரி

வயிற்றின் மேல் பெல்ட் அழுத்தக் கூடாது என்பது உண்மை. அதற்காக பெல்ட்டே வேண்டாம் என்பதுதான் தப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்க, விபத்தின்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், பெல்ட் போடாத ஆள் அதே வேகத்தில் முன்னே போகிறார். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் வேகம் அதுதான். கையால் ஊன்றிச் சமாளிக்க முடியாது. முன்னால் இருப்பவருக்கு ஸ்டியரிங்கோ டேஷ்போர்டோ, பின்னால் இருப்பவருக்கு முன் சீட்டின் முதுகோ நேராக வயிற்றில் வந்து இடிக்கும்.

பனிக்குடத் தண்ணீர் குழந்தையைக் காப்பாற்றிவிடும் என்று நினைக்கிறோம். சின்னச் சின்ன அதிர்ச்சிக்கு அது சரி. பெரிய ஆபத்து நஞ்சுக்கொடிக்குத்தான். கர்ப்பப்பையின் சுவர் ரப்பர் மாதிரி நெளிந்து கொடுக்கும். அதில் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடி அவ்வளவு நெளியாது. வயிற்றில் திடீரென்று ஓர் இடி விழுந்து கர்ப்பப்பை அமுங்கி விரியும்போது, சுவரோடு சேர்ந்து நெளிய முடியாமல் நஞ்சுக்கொடி பிய்ந்து வருகிறது. பலூனில் ஒட்டிய ஸ்டிக்கர், பலூனை அழுத்தினால் ஓரத்தில் உரிந்து வருமே, அப்படி. குழந்தைக்கு ஆக்சிஜன் வருகிற ஒரே வழி அதுதான். அம்மாவுக்கு ஓர் எலும்புகூட முறியாத விபத்திலும் இது நடக்கலாம் என்பதால்தான் டாக்டர்கள் இதற்கு இவ்வளவு பயப்படுகிறார்கள்.

ஆக, கர்ப்பப்பையை எதுவும் போய் அமுக்கக் கூடாது. ஸ்டியரிங்கும் கூடாது, முன் சீட்டும் கூடாது, பெல்ட்டும் கூடாது. ஆனால் உடம்பை ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்தியாக வேண்டும். அந்தப் பிடியைத் தாங்கக்கூடிய எலும்புகள் கீழே இடுப்பெலும்பு, மேலே காறை எலும்பும் நெஞ்சுக்கூடும். பெல்ட் இந்த இரண்டு இடங்களைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் வயிற்றைத் தொடாமல் விட வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138(3)-ன்படி ஓட்டுபவர், முன் சீட்டில் இருப்பவர், முன்னோக்கிய பின் சீட்டில் இருப்பவர் என மூவருக்கும் பெல்ட் கட்டாயம். கர்ப்பிணிக்கு என்று அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. 2019 திருத்தத்தில் வந்த 194B பிரிவின்படி அபராதம் 1000 ரூபாய். தானே போடாவிட்டாலும், பெல்ட் போடாத பயணிகளை ஏற்றிப் போனாலும் ஓட்டுபவரைத்தான் கேட்பார்கள். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்பது பெரிய பேச்சானது. அதன் பிறகும் பின் சீட்டில் யாரும் போடுவதில்லை என்பது வேறு கதை. விலக்கு தராததற்குக் காரணம், வயிற்றில் பிள்ளை இருப்பதால் பெல்ட்டின் தேவை குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது.

முதலில் கார்

இதை முந்தின நாளே செய்வது நல்லது. பின் சீட்டின் மடிப்புக்குள் கையை விட்டு பக்கிளை வெளியே எடுங்கள். எங்கள் காரில் சீட் கவரின் எலாஸ்டிக்கைக் கழற்றி, அடியில் கிடந்த இரண்டு பக்கிள்களையும் மேலே இழுக்க வேண்டியிருந்தது. ஒன்றில் புளிப்பு மிட்டாய்க் காகிதம் அடைத்திருந்தது. நாக்கைச் செருகி 'க்ளிக்' சத்தம் கேட்கிறதா, பிறகு பலமாக இழுத்தால் கழன்று வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து பெல்ட்டை வெடுக்கென்று இழுங்கள். பாதியில் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மெதுவாக இழுத்தால் தாராளமாக வர வேண்டும், விட்டால் தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். வெடுக்கென்று இழுத்தும் பூட்டாத பெல்ட், சுருளாமல் தொங்கும் பெல்ட், ஓரம் பிசிறடித்த பெல்ட் இருக்கிற இடத்தில் கர்ப்பிணியை உட்கார வைக்காதீர்கள்.

எந்த இடம் நல்லது? பின் சீட்டின் ஓர ஜன்னல் பக்கம், தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து வரும் பெல்ட் இருந்தால், அதுதான் என் தேர்வு. முன் சீட்டும் தப்பில்லை, கடைசி வரை பின்னே தள்ளி உட்கார்ந்தால். பழைய கார்களில் பின் சீட்டின் நடுவில் இடுப்புக்கு மட்டும் ஒரு வார் இருக்கும், அது வேண்டாம். விபத்தில் மேலுடம்பு முழுதும் மடங்கி, அந்த ஒற்றை வார் மேலேறி வயிற்றில்தான் பதியும்.

பெல்ட் போடும் முறை

சீட்டின் முதுகை முடிந்தவரை நிமிர்த்துங்கள். நேர்கோணத்தைவிடக் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பின்பக்கம் சீட்டின் மூலையில் முட்டும்வரை தள்ளி உட்கார வேண்டும். கர்ப்பிணிகள் முதுகு வலிக்காக முன்னே நழுவி, பாதி படுத்த மாதிரி உட்காருவார்கள். அந்த நிலையில் கார் மோதினால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும், இடுப்பில் இருந்த பெல்ட் வயிற்றுக்கு வந்துவிடும். அடியில் மெத்தென்ற தலையணை போட்டாலும் இதே கதைதான். முதுகுக்கு மெல்லிய துண்டைச் சுருட்டி வைக்கலாம், உட்காரும் இடத்தில் ஒன்றும் போட வேண்டாம்.

இப்போது இடுப்பு பெல்ட். ஒரு கையால் வயிற்றின் அடிப்பக்கத்தை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையால் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கும் மடிப்பில் கொண்டுவந்து, பக்கிளில் செருகுங்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் எலும்பு முன்னே துருத்திக்கொண்டு இருக்கும், விரலால் தடவினால் தெரியும். பெல்ட் அந்த இரண்டு எலும்புக்கும் குறுக்கே, தட்டையாக, முறுக்கு இல்லாமல் கிடக்க வேண்டும். தொப்புளுக்குப் பக்கத்தில் எங்கும் வரக் கூடாது. 'கொஞ்சம் கீழேதானே இருக்கிறது' என்று சமாதானமாகாதீர்கள். வயிற்றின் மேட்டில் எந்த உயரத்தில் இருந்தாலும் அது தப்பான இடம்தான்.

அப்புறம் தோள் பெல்ட். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், காறை எலும்பின் மேல் ஏறி, இரண்டு மார்புக்கும் இடையில் இறங்கி, வயிற்றின் பக்கவாட்டில் ஒதுங்கிப் போக வேண்டும். வயிற்றின் நடு மேட்டின் மேல் ஏறினால் ஓரமாக நகர்த்திவிடுங்கள். கழுத்தில் உரசினால், கதவுத் தூணில் பெல்ட் மாட்டியிருக்கும் இடத்தை மேலும் கீழும் நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். முன் சீட்டுக்குப் பல கார்களில் இந்த வசதி உண்டு. உரசுகிறது என்பதற்காகத் தோள் பெல்ட்டைக் கைக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ போட்டுவிட்டால், நடுவில் ஒற்றை வார் இருக்கும் சீட்டில் உட்கார்ந்த மாதிரிதான்.

கடைசியாகத் தொய்வை எடுக்க வேண்டும். நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். பக்கிளுக்குப் பக்கத்தில் தோள் பெல்ட்டைப் பிடித்து மேல்நோக்கி இழுங்கள். இடுப்பு பெல்ட்டில் இருக்கும் தொய்வு மேலே ஏறிப் போகும், அங்கிருந்து அது சுருண்டுகொள்ளும். இடுப்பு பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ளங்கை தட்டையாக நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. பெல்ட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு எடுக்க வந்தால் இன்னும் தொய்வு இருக்கிறது என்று அர்த்தம்.

பட்டுப்புடவைச் சிக்கல்

எங்களுக்கு நேரம் போனது இதில்தான். வளைகாப்புப் பட்டு, இடுப்பில் ஏழெட்டு மடிப்பு கொசுவம், அதற்குள் பாவாடை நாடா முடிச்சு. பெல்ட்டைக் கீழே இறக்கினால் கொசுவத்தின் மேல் உட்கார்கிறது, எலும்பைத் தொடவே மாட்டேன் என்கிறது. பட்டு வழவழப்பு வேறு, இரண்டு நிமிடத்தில் வழுக்கி மேலே ஏறிவிட்டது. தோளில் முந்தானையைக் குத்திய ஊக்கு, சரியாகத் தோள் பெல்ட் அழுத்தும் இடத்தில். கழுத்தில் மாலை. இப்படி நான்கு அடுக்குத் துணி இருந்தால், வெளியே இறுக்கமாகத் தெரியும் பெல்ட் மோதும் நொடியில் அந்தத் துணி நசுங்குகிற அளவுக்குத் தளர்ந்துதான் பிடிக்கும்.

உள்ளே போய்ச் சுடிதாருக்கு மாறச் சொன்னேன். மாமியார் முகம் கோணியது, "வளையலைக் கழட்டாம போனா சரி" என்று விட்டுக்கொடுத்தார். மாற முடியாத நிலை என்றால், ஊக்கை எடுத்துவிட்டு முந்தானையைப் பக்கவாட்டில் ஒதுக்குங்கள், மாலையைக் கழற்றுங்கள், கொசுவத்தைக் கையால் மேலே தூக்கி அதற்கு அடியில் இடுப்பு பெல்ட்டைக் கொண்டுபோங்கள். பருத்திப் புடவையாக இருந்தால் பாதிச் சிக்கல் குறையும்.

கடைகளிலும் ஆன்லைனிலும் கர்ப்பிணிகளுக்கென்று ஒரு பட்டை விற்கிறார்கள். சீட்டில் கட்டி, இடுப்பு பெல்ட்டைக் கீழே கொக்கி போட்டு இழுத்து வைப்பது. சில வகை பெல்ட்டை இரண்டு தொடைக்கும் நடுவில் இழுத்துத் தொடையின் மேல் படுக்க வைக்கும். தொடை என்பது பெல்ட் பிடிக்க வேண்டிய இடமே இல்லை. காரோடு வந்த பெல்ட் சரியாக உட்காருகிற வரை இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதைவிட மோசமானது, அலாரம் கத்தாமல் இருக்கப் பக்கிளில் செருகும் வெறும் கிளிப். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதை விற்கக் கூடாது என்று பெரிய ஆன்லைன் நிறுவனங்களுக்கே உத்தரவு போட்டது.

அவளே ஓட்டினால்

ஓட்டுபவருக்குப் பெல்ட்டோடு இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்டியரிங்கின் நடுவுக்கும் நெஞ்செலும்புக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஏர்பேக் விரியத் தேவையான இடம் அது. பள்ளிப் பிள்ளையின் ஒரு அடி ஸ்கேலை எடுத்து வைத்துப் பாருங்கள், ஐந்து சென்டிமீட்டர் குறையலாம், அதற்கு மேல் கூடாது. ஸ்டியரிங்கை ஏற்றி இறக்க முடிந்தால், அதன் நடுப்பகுதி நெஞ்சைப் பார்க்கும்படி வையுங்கள். வயிற்றையோ முகத்தையோ பார்க்கக் கூடாது. ஸ்டியரிங்கின் கீழ் வளைவு வயிற்றைத் தொடவே கூடாது.

ஏர்பேக் வயிற்றில் அடிக்கும் என்று பயந்து அதை அணைத்துவைக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். பெல்ட்டும் இடைவெளியும் சரியாக இருந்தால் ஏர்பேக் உதவிதான் செய்யும். பெல்ட் இல்லாமல் ஏர்பேக் மட்டும் இருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் அது விரியும்போது உடம்பு ஏற்கெனவே அதன் மேல் போய் விழுந்திருக்கும்.

மாதம் ஏற ஏற, சீட்டைப் பின்னே தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் கிளட்ச் எட்டாது. கிளட்சைத் தரைவரை மிதிக்கும்போது முதுகு சீட்டை விட்டு எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால், அன்றிலிருந்து சாவியை வேறு ஒருவரிடம் கொடுக்க வேண்டியதுதான். உயரம் குறைந்தவர்களுக்கு இந்த நாள் சீக்கிரம் வரும், தேதி வைத்துச் சொல்ல முடியாது.

அதற்காக முதல் ஆறு மாதம் கவலையில்லை என்று நினைக்கவும் முடியாது. கனடாவின் ஒன்டாரியோவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களின் பதிவுகளைப் பார்த்து 2014-ல் வெளியான ஆய்வு, கர்ப்பத்துக்கு முன்பு இருந்ததைவிட இரண்டாவது மும்மாதத்தில், ஓட்டுநராக அவர்கள் பெரிய விபத்தில் சிக்குவது 42 சதவீதம் அதிகம் என்று சொன்னது. வயிறு பெரிதாகத் தெரியாத, தெம்பாக இருப்பதாக நினைக்கிற மாதங்கள் அவை. தூக்கக் குறைவும் சோர்வும் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

வழியில்

பெல்ட்டை ஒரு தடவை சரியாகப் போட்டால் அப்படியே இருக்காது. அசைய அசைய இடுப்பு பெல்ட் மேலே ஊர்ந்து வரும். விராலிமலை தாண்டுவதற்குள் தங்கையின் பெல்ட் இரண்டு விரல் ஏறியிருந்தது. அவள் முன்னே நழுவியதுதான் காரணம். பின்னே தள்ளி உட்கார்ந்து, கீழே இறக்கி, மறுபடி மேல்நோக்கி இழுத்துத் தொய்வை எடுத்தாள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துக்கொள்வது வழக்கமாக இருக்கட்டும்.

படுத்துக்கொண்டு வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசி மாதங்களில் இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்று டாக்டர்கள் சொல்வது உண்மை. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும் என்பதால். அது கட்டிலுக்குச் சொன்னது. நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த அழுத்தம் இருக்காது. ஓடும் காரின் பின் சீட்டில் நீளவாக்கில் படுத்தால், பிரேக் போட்டதும் உருண்டு கீழே விழ வேண்டியதுதான். முதுகு வலித்தால் வண்டியை நிறுத்தி இறங்கி நடக்கட்டும். நாங்கள் துவரங்குறிச்சியில் கால் மணி நேரம் நிறுத்தினோம், டீ குடித்தோம், கால் வீக்கம் வடிய நடந்தாள்.

மேலூருக்கு முன்னால் ஓர் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. டிரைவர் அண்ணன் மிதித்த மிதியில் என் கைப்பை பறந்து முன் சீட்டில் விழுந்தது. தங்கை இரண்டு அங்குலம்கூட நகரவில்லை. இடுப்பில் பெல்ட் இறுகியது, வயிற்றின் மேல் ஒன்றும் படவில்லை.

அடிபட்டால்

மோதல் நடந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். குறிப்பாக ஐந்து மாதம் தாண்டியவர்கள். 'பம்பர்தான் நசுங்கியது' என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். நஞ்சுக்கொடி லேசாகப் பிரிந்திருந்தால் முதலில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். குழந்தையின் இதயத் துடிப்பையும் வயிறு இறுகுவதையும் குறைந்தது நான்கு மணி நேரமாவது கருவி வைத்துப் பார்ப்பார்கள். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, சின்னப் பிரிவு ஸ்கேனில் தப்பிவிடும்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அடுத்த சில நாட்கள் கவனியுங்கள். ரத்தம் படுவது, தண்ணீர் கசிவது, வயிறு கல் மாதிரி இறுகித் தளராமலே இருப்பது, தொடர்ந்து வலி, குழந்தையின் அசைவு குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் 108-க்கு அழையுங்கள். அம்மாவின் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் அதைப் போனதும் முதலிலேயே சொல்ல வேண்டும். ஆன்டி-டி ஊசி தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போடுவார்கள்.

நாங்கள் எதிலும் மோதவில்லை, இருந்தாலும் மதுரை வந்ததும் டாக்டருக்குப் போன் செய்தோம். அசைவு தெரிகிறதா, ரத்தம் பட்டதா என்று கேட்டார். அடுத்த கேள்வி, "பெல்ட் எங்கம்மா இருந்துச்சு?" தங்கை இடுப்பெலும்பைத் தடவிக்கொண்டே பதில் சொன்னாள்.